பெண்ணுக்கான விதிகள் பிடிக்கவில்லையா, பெண் என்பதே பொருந்தவில்லையா? ஜெண்டர் டிஸ்போரியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்வயதுப் பிள்ளைகளோடும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரோடும் பேசுவது என் வேலை. முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பெண் பிள்ளை, அக்காவின் பாவாடையைக் கட்டிப் பார்த்த பையன் என்று யார் வந்தாலும், வீட்டார் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணமாக வரும் இருவரும் பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, யாரென்று தெரியாதபடி மாற்றி எழுதப்பட்டவர்கள்.

ஜெண்டர் டிஸ்போரியான்னா என்ன? எளிமையா சொல்லுங்க.

குழந்தை பிறந்ததும் உடலைப் பார்த்து ஆண் அல்லது பெண் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறைகூட உறுத்துவதில்லை. சிலருக்கு மட்டும், தான் யார் என்று உள்ளுக்குள் உணர்வது ஒன்றாகவும் ஊர் சொல்வது வேறாகவும் இருக்கிறது. இந்தப் பொருந்தாமை நீடித்து, அதனால் கடுமையான மனவேதனை உண்டாகும்போதோ, படிப்பும் வேலையும் உறவும் தடுமாறும்போதோ அதை ஜெண்டர் டிஸ்போரியா என்கிறார்கள்.

இந்தப் பெயர் மனநலப் பிரச்சினைகளை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் 2013-இல் வந்தது. அதற்கு முன் அதே இடத்தில் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்று இருந்தது. ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது கோளாறு அல்ல, அதனால் வரும் வேதனைக்குத்தான் உதவி தேவை என்ற தெளிவு வந்ததால் பெயரை மாற்றினார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், மனநோய்கள் பகுதியிலிருந்து இதை எடுத்து, பாலியல் ஆரோக்கியம் பற்றிய பகுதியில் வைத்துவிட்டார்கள். இப்படி வேறாக உணரும் திருநர்கள் எல்லோருக்கும் டிஸ்போரியா இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குடும்பமும் நண்பர்களும் ஏற்றுக்கொண்டு நிம்மதியாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் புடவை பிடிக்காது, நகை பிடிக்காது, சமையல்கட்டுப் பக்கமே போக மாட்டேன். அப்போ எனக்கும் அதுதானா?

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், இல்லை. பெண் இப்படி உட்கார வேண்டும், இப்படிச் சிரிக்க வேண்டும், இந்த நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் சமூகம் போட்டு வைத்த விதிகள். அவை பிடிக்காதவர்கள் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். விதி பிடிக்காமல் இருப்பது ஒன்று, ‘நான் பெண்ணே இல்லை’ என்று உணர்வது இன்னொன்று. ஐசிடி-11 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நடை, உடை, விருப்பங்கள் வழக்கத்துக்கு மாறாக இருப்பதை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வரக்கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஊரில் நிலவும் ஒழுக்க, சமூக, பண்பாட்டு மதிப்புகளுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்ற காரணத்தை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. தாவணி கட்ட மறுத்த பெண்ணை ‘புத்தி சரியில்லை’ என்று மருத்துவரிடம் இழுத்து வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் ஆம்பளை. சண்டைன்னா ஒதுங்கிடுவேன், அழுகை சீக்கிரம் வரும், கோலம் போடப் பிடிக்கும். ‘பொம்பளை மாதிரி’ன்னு கேலி பண்றாங்க. எனக்குள்ள பெண் இருக்கிறாளோன்னு சந்தேகம்.

முந்தைய பதில் உங்களுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் கூடுதலாக யோசித்துப் பாருங்கள். அந்தச் சந்தேகம் உங்களுக்குள்ளிருந்து எழுந்ததா, கேலி செய்தவர்கள் விதைத்ததா? கேலியைக் கேட்டுக் கேட்டு, ‘எல்லாரும் சொல்கிறார்களே, உண்மையாக இருக்குமோ’ என்று வருபவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் ‘ஆண் என்று நினைத்துக்கொள்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா’ என்று கேட்டால், ‘அதில் என்ன கஷ்டம், அவர்கள் கேலிதான் கஷ்டம்’ என்பார்கள். அங்கே பேச வேண்டியது கேலியைப் பற்றி.

பையனுக்கு ஆறு வயசு. அக்கா கவுனை எடுத்துப் போட்டுக்கிறான், பொம்மையைத் தூங்க வைக்கிறான். டாக்டர்கிட்ட காட்டணுமா?

கவுனும் பொம்மையும் மட்டும் என்றால் வேண்டாம். விளையாட விடுங்கள். குழந்தைகளுக்கு டிஸ்போரியா என்று சொல்ல டிஎஸ்எம் எட்டு அடையாளங்களைத் தருகிறது. அவற்றில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், கூடவே வேதனையோ பாதிப்போ இருக்க வேண்டும். அந்த ஆறில் ஒன்று கட்டாயம்: ‘நான் பெண் பிள்ளையாக ஆக வேண்டும்’ என்ற பலமான விருப்பம், அல்லது ‘நான் பெண் பிள்ளைதான்’ என்ற பிடிவாதம். அது இல்லாமல் உடை, பொம்மை, தோழிகள் என்று மற்ற எல்லாம் இருந்தாலும் கணக்கில் வராது. ஐசிடி-11 இன்னும் கறாரானது. பருவமடையாத குழந்தைகளிடம் ஏறக்குறைய இரண்டு வருடம் நீடித்திருக்க வேண்டும் என்கிறது.

ஒரு குழந்தை குளிக்கும்போது தன் உறுப்பைப் பார்த்து ‘இது எப்ப விழும்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாலோ, பள்ளியில் பையன்கள் வரிசையில் நிறுத்தினால் ஒவ்வொரு நாளும் மனம் உடைந்து வந்தாலோ, அப்போது குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். திட்டவோ அடிக்கவோ வேண்டாம். அடித்தால் குழந்தையின் உணர்வு மாறாது, உங்களிடம் சொல்வது மட்டும்தான் நிற்கும்.

இப்படிப்பட்ட குழந்தைங்கள்ல பெரும்பாலோர் வளர்ந்ததும் சரியாயிடுவாங்கன்னு படிச்சேனே?

அப்படிச் சொல்லும் பழைய ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை யாரைக் கணக்கில் சேர்த்தன என்று பார்க்க வேண்டும். 1994-இல் வந்த டிஎஸ்எம் நான்காம் பதிப்பில், நான் மேலே சொன்ன அந்தக் கட்டாயம் கிடையாது. ஐந்து அடையாளங்களில் நான்கு போதும். அதனால் ‘நான் பெண்’ என்று ஒருமுறைகூடச் சொல்லாத, பெண்கள் விளையாட்டை விரும்பிய பையனும் அந்தப் பெயருக்குள் வர முடிந்தது. விதிக்கு அடங்காத குழந்தைகளும் அடையாளமே வேறான குழந்தைகளும் ஒரே கூடையில் விழுந்தார்கள். முதல் வகையினர் பின்னாளில் தங்களை ஆண் என்றே சொன்னால் அதில் ‘சரியாக’ என்ன இருக்கிறது? அவர்கள் முன்பும் அப்படித்தான் இருந்தார்கள். 2013-இல் அந்த நிபந்தனையைக் கட்டாயமாக்கியதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியக் காரணம்.

இதற்காக, உறுதியாகச் சொல்லும் குழந்தைகள் எல்லோரும் அப்படியே இருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. எந்தச் சிறு குழந்தையின் எதிர்காலத்தையும் ஆறு வயதில் கணிக்க வழியில்லை. பருவமடையத் தொடங்கும்போது வேதனை கூடுகிறதா குறைகிறதா என்பது பலருக்கு ஒரு திருப்புமுனை. அதுவரை எந்த மருந்தும் கிடையாது. கூட இருப்பதும் கவனிப்பதும்தான்.

இதுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் மாதிரி ஏதாவது இருக்கா? கவுன்சலர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்?

அப்படி எதுவும் இல்லை. ஹார்மோன் அளவைப் பார்த்தோ மூளையைப் படம் எடுத்தோ ஒருவரின் பாலின அடையாளத்தைச் சொல்ல முடியாது. இருப்பது உரையாடல்தான், அதற்கு நேரம் எடுக்கும். பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் டிஎஸ்எம் ஆறு அடையாளங்கள் தருகிறது. உணரும் பாலினத்துக்கும் உடல் கூறுகளுக்கும் முரண், அந்தக் கூறுகள் இல்லாமல் போக வேண்டும் என்ற ஏக்கம், மறுபாலின உடல் வேண்டும் என்ற ஏக்கம், மறுபாலினத்தவராகவே இருக்க வேண்டும், அப்படியே நடத்தப்பட வேண்டும் என்ற விருப்பங்கள், தன் உணர்வுகள் அந்தப் பாலினத்தவருடையவை என்ற உறுதி. இவற்றில் குறைந்தது இரண்டு, ஆறு மாதமாவது நீடித்து, வேதனையோ பாதிப்போ இருக்க வேண்டும். மறுபாலினம் என்பதில் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத அடையாளமும் அடக்கம்.

இந்த ஆறில் உடை இல்லை, முடி இல்லை, சமையல் இல்லை, கபடி இல்லை. பெற்றோர் என்னிடம் முதலில் சொல்லும் எதுவுமே இந்தப் பட்டியலில் இல்லை. வீட்டார் கவனிப்பது வெளித்தோற்றத்தை, ஆலோசகர் தேடுவது அதற்குக் கீழே இருப்பதை. முதல் சந்திப்பில் பெற்றோரிடம் கொஞ்ச நேரம், பிள்ளையிடம் தனியாக அதிக நேரம் பேசுவேன். பிள்ளை சொன்னதை அதன் அனுமதியில்லாமல் வெளியே சொல்ல மாட்டேன் என்பதையும், உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகளையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அப்படி என்னதான் கேட்பீங்க? ஒரு உதாரணத்தோட சொல்லுங்களேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளலாம். முதலாமவருக்கு 17 வயது, பிளஸ் டூ. முடி கழுத்துக்கு மேலே. பெரியம்மா மகனின் சட்டையைத்தான் போடுவாள். அத்தை வீட்டுக் கல்யாணத்தில் பட்டுப்பாவாடை கட்டச் சொன்னதற்கு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டாள். ‘நான் பையனாப் பொறந்திருக்கணும்’ என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். இரண்டாமவருக்கு 19, பொறியியல் இரண்டாம் ஆண்டு. அதே முடி, அதே மாதிரிச் சட்டை, அதே வாக்கியம்.

‘எப்போதிலிருந்து?’ என்று கேட்டேன். முதலாமவள் தேதி வைத்தாள்: வயதுக்கு வந்தபோது. மஞ்சள் நீராட்டுக்கு ஊரையே கூப்பிட்டார்கள், ஃபிளக்ஸில் படம் போட்டார்கள், மாமன்கள் சீர்த்தட்டு தூக்கி வந்து ‘கல்யாணப் பொண்ணு’ என்று கிண்டல் செய்தார்கள். அடுத்த வாரம் சைக்கிள் பூட்டப்பட்டது, கபடிப் பயிற்சி நின்றது. இரண்டாமவருக்கு அப்படி ஒரு நாள் இல்லை. நினைவு தெரிந்ததிலிருந்தே என்றார். மஞ்சள் நீராட்டு அவர் வீட்டில் நடக்கவே இல்லை. அப்பா பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், உடையில் தலையிடாதவர். கோபித்துக்கொள்ள இரண்டாமவருக்கு ஒரு விதியும் இருக்கவில்லை.

அடுத்து, நான் எல்லோரிடமும் கேட்கும் ஒன்று: ‘நாளைக்கு விதியெல்லாம் மாறிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு மேலும் வெளியே போகலாம், விளையாடலாம், பிடித்ததை உடுத்தலாம், யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். அப்போதும் பையனாக இருக்க வேண்டுமா?’ முதலாமவள் யோசித்துவிட்டு, ‘அப்ப எதுக்கு? நான் நல்லா ரெய்டு போற பொண்ணா இருப்பேன்’ என்றாள். இரண்டாமவர், ‘விதி மாறும். இது மாறாதே’ என்று தன் நெஞ்சைக் காட்டினார். அவர் குளியலறை விளக்கைப் போடாமல் குளிப்பவர். கண்ணாடியில் துண்டைத் தொங்கவிடுபவர். மாதத்தில் சில நாள் வகுப்புக்குப் போவதில்லை, வலியால் அல்ல. முப்பது வயதில் எப்படி இருப்பாய் என்று கேட்டபோது, முதலாமவள் காக்கி உடுப்பில் பெண் எஸ்.ஐ. ஆகத் தன்னைச் சொன்னாள். இரண்டாமவருக்குப் பெண்ணாக எந்தப் படமும் வரவில்லை. ‘ஆணாக?’ என்றதும் மீசை, வாடகை வீடு, ஒரு நாய் என்று பேசிக்கொண்டே போனார்.

இன்னொன்றையும் கவனிப்பேன்: அழைக்கும் முறை. இருவரையுமே கடைக்காரர்களும் கண்டக்டர்களும் ‘தம்பி’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். முதலாமவள் அதைத் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தாள். இரண்டாமவர் ஒரு மளிகைக் கடையில் அப்படிக் கூப்பிடப்பட்ட பிறகு, தூரமாக இருந்தாலும் அந்தக் கடைக்கே போய்வர ஆரம்பித்தார். வேதனையைப் போலவே, எது பொருந்தும்போது மனம் லேசாகிறது என்பதும் பலமான தடயம்.

இதில் எந்த ஒரு பதிலும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. விதி மாறினால் போதும் என்று சொன்னவர் பயத்தால் அப்படிச் சொல்லியிருக்கலாம். உடல் வேதனை அவ்வளவு இல்லாமல், மற்றவர்கள் பெண்ணாகப் பார்ப்பதில்தான் பெரும்பாரம் என்பவர்களும் உண்டு. சில வாரங்களில், சில மாதங்களில் பதில்கள் ஒரே திசையில் சேர்கின்றனவா என்றுதான் பார்க்கிறோம்.

மாதவிடாய் எனக்கும்தான் வெறுப்பு. மார்பு வளர்ந்தப்ப கூனிக்கிட்டு நடந்தேன். எந்தப் பொண்ணுக்குத்தான் இல்லை? இதை எப்படிப் பிரிப்பீங்க?

கடினமான கேள்வி, அனுபவம் உள்ளவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘உடலில் வெறுப்பு இருக்கிறதா?’ என்று கேட்டால் போதாது. அந்த வெறுப்பு எதன் மேல், யார் முன்னால் என்று கேட்க வேண்டும். வலி, கறை பட்டுவிடுமோ என்ற பயம், மூலையில் உட்கார வைப்பது, பேருந்தில் உற்றுப் பார்க்கும் கண்கள் என்று காரணம் சொல்ல முடிகிறவர்களுக்கு, அந்தக் காரணங்கள் இல்லாத இடத்தில் வெறுப்பு தணிகிறது. வீட்டில் தனியாக இருக்கும்போது நிமிர்ந்து உட்கார்கிறார்கள். வலிக்கு மருத்துவம் பார்த்தால் மாதவிடாய் வெறும் தொல்லையாகிவிடுகிறது.

டிஸ்போரியாவில் யாரும் பார்க்காத அறையிலும் அது தணிவதில்லை. உடல் ‘அசிங்கம்’ என்பதைவிட, ‘இது என்னுடையதே இல்லை’ என்பதுதான் அடிக்கடி வரும் பேச்சு. மெலிந்தாலோ அழகானாலோ தீரும் என்ற எண்ணம் அங்கே இருக்காது. முந்தைய பதிலின் முதலாமவளுக்கும் மாதவிடாய் பிடிக்காது. ஆனால் கேட்கக் கேட்க அவள் திரும்பிப் போனது அந்த ஃபிளக்ஸ் படத்துக்குத்தான்.

பெண்ணாப் பொறந்தா சுதந்திரமே இல்லை. அதனாலதானே ஆணா மாறணும்னு சொல்றாங்க?

சுதந்திரத்துக்காக ஆசைப்படுவது இயல்பு, நியாயமும்கூட. ஆனால் அது டிஸ்போரியா ஆகாது. டிஎஸ்எம்-இன் 1994 பதிப்பே, மறுபாலினத்தவருக்குக் கிடைப்பதாகத் தெரியும் சமூகச் சலுகைகளுக்கான ஆசை மட்டும் இருந்தால் போதாது என்று விலக்கி வைத்திருந்தது. மேலும், இந்த விளக்கம் எதிர்த்திசையில் நிற்காது. திருநங்கைகளை நினைத்துப் பாருங்கள். ஆணுக்குக் கிடைக்கும் அத்தனை சலுகைகளையும், பலர் வீட்டையும் சொத்தையும்கூட இழந்துதான் பெண்ணாக வாழ்கிறார்கள். திருநம்பிகளுக்கும் வெளியே வந்த பிறகு சுதந்திரம் கூடுவதைவிட, வீட்டுக்காவலும் கட்டாயக் கல்யாணப் பேச்சும்தான் பெரும்பாலும் முதலில் வருகின்றன.

என் பொண்ணு இன்னொரு பொண்ணை விரும்புறா. சேர்ந்து வாழணும்னா ஆணா மாறணும்னு நினைக்கிறாளோ?

யாரை விரும்புகிறோம் என்பது ஒன்று, நாம் யார் என்பது வேறு. பெண்ணை விரும்பும் பெண், பெண்ணாகவே தன்னை உணர்ந்து வாழ்கிறாள். பெண்ணை விரும்பினால் நான் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் ஒரு சமூக விதியே. வேறு மாதிரி ஒரு ஜோடியை நேரில் பார்த்திராத பிள்ளைக்கு அது ஒரே வழியாகத் தோன்றலாம். அதனால் ‘அவளோடு பெண்ணாகவே வாழ ஊரும் வீடும் ஒத்துக்கொண்டால்?’ என்று நான் கேட்பதுண்டு. சிலர் அந்தக் கேள்வியிலேயே பெருமூச்சு விட்டுவிடுவார்கள். சிலர், ‘அவள் என்னைப் பெண்ணாக நினைத்தால் அதுவும் எனக்கு வலிக்கும்’ என்பார்கள்.

சின்ன வயசுல பாவாடை சட்டைதான் போட்டா. பதினஞ்சு வயசுல திடீர்னு இப்படிச் சொல்றா. யூடியூப் பார்த்து வந்ததா இருக்காதா?

உங்களுக்குத் திடீரென்று தெரிந்தது அவளுக்குத் திடீர் என்று ஆகாது. பருவம் வந்து உடல் மாறும்போது முதன்முதலாக வேதனை தொடங்குவதும் உண்டு, அதற்குச் சொல் கிடைக்காமல் பல வருடம் அடக்கி வைத்திருப்பதும் உண்டு. வீடியோவில் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சொல்தான்.

அதே சமயம், தன் கஷ்டத்துக்குப் பொருந்தாத சொல்லை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் நான் சொல்லோடு சண்டை போடாமல், ‘அந்தச் சொல்லைக் கேட்பதற்கு முன்னால் இதை உனக்குள் எப்படிச் சொல்லிக்கொண்டாய்?’ என்று கேட்கிறேன். அதற்கு வரும் பதிலில் ஒத்திகை இருக்காது. சிலர் ‘சரியான பதில்’ சொல்லாவிட்டால் உதவி கிடைக்காது என்று பயந்து மனப்பாடம் செய்து வருவார்கள். இது நேர்முகத் தேர்வு இல்லை, சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லலாம் என்று தெரிந்ததும் பேச்சு மாறும். போனைப் பிடுங்கினால் அந்தப் பேச்சே நடக்காது.

மனச்சோர்வு, ஆட்டிசம், சின்ன வயசுல நடந்த கொடுமை, இதெல்லாம் காரணமா இருக்குமா?

கூடவே இருக்கலாம். காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாலின அடையாளம் வேறாக உள்ளவர்களிடம் ஆட்டிசம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் துணியின் உறுத்தல், பிரேசியரின் இறுக்கம், மாதவிடாயின் ஈரம் எல்லாம் தாங்க முடியாமல் இருக்கும். அது புலன் சார்ந்த சிரமமா, பாலினம் சார்ந்ததா என்று பொறுமையாகப் பிரிக்க வேண்டும். இரண்டும் இருக்கவும் கூடும். ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக அடையாளத்தைப் பற்றி அவர் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது.

பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் தன் உடலே ஆபத்தாகத் தோன்றும். பெண்ணுடல் இல்லாவிட்டால் தப்பித்திருப்பேன் என்பவர்கள் உண்டு. அங்கே அந்த அதிர்ச்சிக்கான சிகிச்சையை முதலில் தொடங்கி, பயம் இறங்கும்போது பாலின உணர்வு என்ன ஆகிறது என்று பார்ப்போம். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்கும் கடமை எங்களுக்கு உண்டு. மேலே சொன்ன விதிவிலக்குகளில் இதுவும் ஒன்று.

‘மாத்திக் காட்டுறேன்’னு ஒரு டாக்டர் சொல்றார். போகலாமா?

போகாதீர்கள். மருந்து, ஷாக், மனவசியம், பூசை எதனாலும் ஒருவருடைய பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ மாற்ற முடியாது. கிடைப்பது கூடுதல் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்தான். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் அளித்த உத்தரவில் இத்தகைய ‘மாற்று சிகிச்சை’ முயற்சிகளைத் தடை செய்தார். அந்த வழக்கைக் கேட்கும்போது, தனக்கே இது பற்றிப் புரிதல் வேண்டும் என்று ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டவர் அவர். அதைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

டிஸ்போரியான்னு முடிவானா அடுத்தது ஆபரேஷன்தானா?

இல்லை. அந்த 19 வயதுக்காரருக்கு முதலில் நடந்தது, அவர் தேர்ந்தெடுத்த பெயரில் ஆலோசனை அறையிலும் பிறகு இரண்டு நண்பர்களிடமும் அழைக்கப்பட்டதுதான். அவர் மார்பை கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டி, அதோடு தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, விலா வலித்தது. அதற்கென்றே தைக்கும் உள்ளாடை, அதையும் சில மணி நேரம் மட்டும், தூங்கும்போது கண்டிப்பாகக் கழற்ற வேண்டும் என்று மாற்றினோம். மாதவிடாயை நிறுத்தி வைக்கும் வழிகள் பற்றி மகளிர் மருத்துவரிடம் அனுப்பினோம். ஹார்மோன் வேண்டுமா என்பதை அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தார். குரல் உடைவது போன்ற சில மாற்றங்கள் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒவ்வொன்றையும் விளக்குவார். அறுவை சிகிச்சையைப் பலர் கடைசிவரை நாடுவதே இல்லை. செய்தால்தான் அடையாளம் உண்மை என்பதும் கிடையாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றபோது அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றே சொன்னது.

டிஸ்போரியா இல்லைன்னு தெரிஞ்சிட்டா நிம்மதி. அவ்வளவுதானே?

பெற்றோருக்கு நிம்மதி, பிள்ளைக்கு இல்லை. ‘ஒன்றுமில்லை, பொட்டு வைத்துக்கொண்டு ஒழுங்காக இரு’ என்று அனுப்பிவிட்டால் அந்த 17 வயதுப் பெண்ணின் கஷ்டம் அப்படியே இருக்கும். அவள் கதவைச் சாத்திக்கொண்டதற்குக் காரணம் உண்மையானது. அவள் வீட்டாரோடு சில அமர்வுகள் பேசினோம். சைக்கிள் திரும்பக் கிடைத்தது. வீட்டு விசேஷங்களுக்குப் பட்டுப்பாவாடைக்குப் பதில் அவளே எடுத்த குர்தா என்று முடிவானது. மாதவிடாய் நாட்களில் ஒதுக்கி உட்கார வைப்பதைப் பாட்டி விட மறுத்தார், அம்மா தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டார். கபடி மட்டும் தேர்வு முடிந்த பிறகு என்று அப்பா பிடிவாதமாக நின்றார், அதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை, சண்டை தொடர்ந்தது. ‘பையனாப் பொறந்திருக்கணும்’ என்பது சில மாதங்களில் குறைந்தது. குறையாமல் இருந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து கேட்டிருப்பேன்.

இவ்வளவும் படிச்சேன். ஆனா என் பிள்ளைக்கு எதுன்னு இன்னும் புரியலை. இப்போதைக்கு என்ன செய்யலாம்?

இன்றைக்கே பெயர் வைத்தாக வேண்டும் என்று எதுவும் இல்லை. முடி வெட்டுவதும் உடையை மாற்றுவதும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியவை, அவற்றை அனுமதிப்பதால் எந்த முடிவும் எடுத்ததாக ஆகாது. பிள்ளை வேறு பெயரில் கூப்பிடச் சொன்னால் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். கல்யாணப் பேச்சை நிறுத்தி வையுங்கள். ஆலோசகரைத் தேடும்போது, ‘பிள்ளை திருநராக இருந்தால் என்ன செய்வீர்கள், இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் பதட்டமில்லாமல் பதில் சொல்பவரிடம் போங்கள்.

சாவதைப் பற்றிப் பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ, மார்பையோ உறுப்பையோ காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம். அன்றே பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.